25,640 சொல்லா, 9,180 சொல்லா: ஒரு மொழிபெயர்ப்பு விலைப்புள்ளியைச் சரிபார்த்த விதம்

பின்னணி

கடலூரில் மீனவர் குடும்பங்களோடு வேலை செய்யும் ஒரு சிறிய அறக்கட்டளையில் கணக்கு வழக்கைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. 2004 சுனாமியையும் 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயலையும் நேரில் பார்த்தவர்கள் சொன்னதை வைத்து நாங்கள் தமிழில் ஒரு கையேடு போட்டிருந்தோம். புயல் எச்சரிக்கை வந்தால் படகை என்ன செய்வது, வலையை எங்கே வைப்பது, வீட்டில் எதை எடுத்துக்கொண்டு கிளம்புவது, இப்படி. படங்கள் போக எழுத்து மட்டும் 74 சின்னப் பக்கம்.

எங்களுக்கு நிதி கொடுக்கும் அமைப்பு இதை ஆங்கிலத்தில் கேட்டது. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்க ஆள் தேட வேண்டும், மூன்று பேரிடமாவது விலைப்புள்ளி வாங்க வேண்டும், அதைக் குழுவில் வைத்து முடிவு செய்ய வேண்டும். அதற்கு முன்னால் எங்களில் யாரும் மொழிபெயர்ப்புக்குக் காசு கொடுத்ததில்லை. அச்சகத்தில் பாரத்துக்கு எவ்வளவு, காகிதம் என்ன கிராம் என்று பேசத் தெரியும், ஆனால் ஒரு சொல்லுக்கு என்ன விலை என்று கேட்டால் எங்களிடம் பதில் இல்லை.

வந்த மூன்று விலைப்புள்ளிகள்

முதலாவது புதுச்சேரியில் இருக்கும் ஒரு அம்மாவிடமிருந்து வந்தது. பன்னிரண்டு வருடமாக இந்த வேலை செய்கிறார், பெரும்பாலும் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு. கொட்டேஷனில் 25,640 சொற்கள், சொல்லுக்கு ரூ.1.25, மொத்தம் ரூ.32,050 என்று இருந்தது.

இரண்டாமவர் சென்னைக்காரர். "சொல்லுக்கு ரூ.1.60, வேலை முடிந்ததும் எண்ணிக்கொள்ளலாம்" என்று ஒரே வரி அனுப்பினார், மொத்தத் தொகை போடவில்லை.

மூன்றாமவர் மணிக்கு ரூ.500 என்றார். எத்தனை மணி ஆகும் என்று கேட்டதற்கு ஆரம்பித்தால்தான் தெரியும் என்றார். இவ்வளவுக்கு மேல் போகாது என்று ஓர் உச்சவரம்பாவது சொல்லுங்கள் என்று இரண்டு முறை கேட்டுப் பார்த்தோம், சொல்லவில்லை. மணிக்கணக்கு தவறான முறை இல்லை, ஆனால் மணியும் தெரியாமல் வரம்பும் இல்லாமல் ஒரு தொகையைக் குழுவில் வைக்க முடியாது, அதனால் அவரை அங்கேயே விட்டுவிட்டோம்.

முதலில் கண்ணில் பட்டது

குழுக் கூட்டத்துக்கு முந்தைய நாள் நானே சொற்களை எண்ணினேன். கையேட்டின் மூலக் கோப்பு பழைய எழுத்துருவில் அச்சகத்தில் இருந்தது, அதை யூனிகோடுக்கு மாற்றி வாங்கியிருந்தோம். அதை லிப்ரேஆபிசில் திறந்து சொல் எண்ணிக்கை பார்த்தால் 9,180. அவர் போட்டிருந்ததோ 25,640. கிட்டத்தட்ட இரண்டே முக்கால் மடங்குக்கு மேல்.

எழுத்துரு மாற்றத்தில் சொற்கள் ஒட்டிக்கொண்டுவிட்டனவோ என்ற சந்தேகத்தில் அச்சுப் புத்தகத்தை எடுத்து, மூன்று பக்கங்களை விரல் வைத்து எண்ணினேன். 131, 118, 127. சராசரியாகப் பக்கத்துக்கு 125, அதை 74 பக்கத்தால் பெருக்கினால் 9,250 வருகிறது. கணினி சொன்னதற்கும் இதற்கும் நூற்றுக்கு ஒன்று கூட வித்தியாசமில்லை. ஆக 9,180 சரி.

கூட்டத்தில் இதைச் சொன்னதும் தலைவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒன்றை மூன்றாக்கிக் காட்டுகிறார், அவரோடு இனி பேச்சே வேண்டாம்" என்றார். பக்கத்திலேயே இரண்டாமவரின் கணக்கு இருந்தது. 9,180 சொல்லை ரூ.1.60-ஆல் பெருக்கி ரூ.14,688 என்று நான்தான் எழுதி வைத்திருந்தேன். ரூ.32,050-க்கும் ரூ.14,688-க்கும் நடுவில் என்ன யோசனை இருக்கிறது? அன்றைக்கே சென்னைக்காரருக்கு வேலையைக் கொடுத்திருப்போம். செயலாளர் மட்டும், "அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வேண்டாம் என்று சொல்லலாமே" என்றதால் ஒரு வாரம் தள்ளிவைத்தோம்.

25,640 எங்கிருந்து வந்தது

போன் செய்து கேட்டேன். அவர் பதறவும் இல்லை, மழுப்பவும் இல்லை. "நான் கையால எண்ணல சார், இணையத்துல ஒரு சொல் எண்ணும் பக்கம் இருக்கு, அதுல ஒட்டிப் பார்த்தேன், அது காட்டுனதைத்தான் போட்டேன்" என்று சொல்லி அந்தப் பக்கத்தின் முகவரியையும் அனுப்பினார். நானும் கோப்பை அதில் ஒட்டிப் பார்த்தேன். அதே 25,640.

என் அண்ணன் மகள் புதுச்சேரியில் கணினி படிக்கிறாள். அவளிடம் காட்டினேன். அவள் ஒரு சின்ன சோதனை செய்து காட்டினாள்:

```
import re
s = "கடலூர் மீனவர்"
print(len(s.split()))              # 2
print(len(re.findall(r"\w+", s)))  # 4
```

முதல் print வரி இடைவெளியை வைத்து எண்ணுகிறது, இரண்டு சொல் என்று சரியாகச் சொல்கிறது. இரண்டாவது "எழுத்துகள் தொடர்ச்சியாக வந்தால் அது ஒரு சொல்" என்ற விதியில் எண்ணுகிறது. கணினியில் தமிழ் எழுத்து சேமிக்கப்படும்போது "லூ" என்பது ல என்ற எழுத்தும் அதற்கு ஒட்டும் ஊகாரக் குறியுமாக இரண்டு துண்டாக இருக்கும், புள்ளியும் தனித் துண்டு. இந்த விதி குறிகளையும் புள்ளியையும் எழுத்தாகக் கணக்கில் எடுப்பதில்லை, அதனால் ஒவ்வொரு கொம்பு, கால், புள்ளி வரும் இடத்திலும் சொல் முடிந்துவிட்டதாக நினைத்து வெட்டிவிடுகிறது. "கடலூர்" என்பது "கடல", "ர" என்று இரண்டாகிறது. "சித்தப்பா, அந்தப் பக்கமும் இப்படித்தான் எண்ணுது போல" என்றாள்.

எங்கள் கையேட்டிலிருந்தே ஒரு வரி எடுத்துப் பார்த்தோம்: "புயல் வரும் முன் படகுகளைக் கரைக்கு இழுத்துக் கட்டவும்." ஏழு சொல். அந்த முறையில் எண்ணினால் பத்தொன்பது. அதாவது ஏறக்குறைய 2.7 மடங்கு, எங்கள் கோப்பில் பார்த்ததும் அதே அளவு. ஆங்கிலத்தை ஒட்டினால் அதே பக்கம் சரியான எண்ணைக் காட்டுகிறது, அதனால்தான் ஆங்கில மூலத்தோடே வேலை செய்து பழகிய அவருக்கு இத்தனை வருடம் சந்தேகமே வரவில்லை.

ஏமாற்று இல்லை என்று தெரிந்ததில் எனக்கு உண்மையிலேயே நிம்மதி. ஆனால் அதோடு வேறு ஒரு கேள்வி வந்து நின்றது. எண்ணிக்கையைத் திருத்தினால் அவர் விலை 9,180 × 1.25 = ரூ.11,475 ஆகிவிடும். அவருக்கு அது கட்டுமா? எங்கள் தலைவர், "அவரே சொன்ன ரேட்தானே, சரியான எண்ணிக்கைக்கு அதே ரேட்டைக் கேளுங்கள்" என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. தப்பான எண்ணில் கட்டின விலையை எண்ணை மட்டும் மாற்றிவிட்டுப் பிடித்து வைப்பது சரிபார்ப்பு ஆகாது.

எந்த மொழியின் சொல்?

அதே வாரம் சென்னைக்காரரிடமும் ஒரு கேள்வி கேட்டேன்: நீங்கள் சொல்லும் ரூ.1.60 தமிழ்ச் சொல்லுக்கா, ஆங்கிலச் சொல்லுக்கா? "முடிந்ததும் எண்ணிக்கொள்ளலாம்" என்ற வரிக்கு அப்போதுதான் பொருள் புரிந்தது. அவர் எழுதப்போகும் ஆங்கிலத்தின் சொற்களை எண்ணித்தான் வாங்குவார்.

இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பது தமிழையும் ஆங்கிலத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். நாம் வேற்றுமை உருபையும், "உம்"மையும், செய்பவர் யார் என்பதையும், காலத்தையும் ஒரே சொல்லுக்குள் ஒட்டிவிடுகிறோம். ஆங்கிலம் அதற்கெல்லாம் தனித்தனிச் சொல் போடும். மேலே சொன்ன படகு வரி தமிழில் ஏழு சொல், அதை எளிமையாக ஆங்கிலத்தில் எழுதினால் பன்னிரண்டு. எல்லா வரியும் இவ்வளவு விரியாது, ஆனால் முழுக் கோப்பிலும் ஒன்றுக்கு ஒன்றரை என்ற அளவிலாவது விரியும் என்று மொழிபெயர்ப்பாளர்கள் இரண்டு பேருமே சொன்னார்கள்.

அப்படியானால் நான் எழுதி வைத்த ரூ.14,688 தவறு. ஒன்றரை மடங்கு என்று வைத்தாலே 13,770 ஆங்கிலச் சொல், ரூ.22,032. இரண்டு விலைப்புள்ளிகளையும் நான் ஒரே அலகு என்று நினைத்துப் பக்கத்தில் வைத்திருந்தேன், ஒன்று பக்காப்படியில் அளந்தது, இன்னொன்று அரைப்படியில் அளந்தது. முதலாவதில் அவர் தவறாக எண்ணினார், இரண்டாவதில் நான் தவறாக எண்ணினேன்.

ஆங்கிலத்தை எண்ணி வாங்குவதில் இன்னொரு சங்கடமும் உண்டு. மொத்தம் எவ்வளவு என்று முன்கூட்டி உறுதியாகத் தெரியாது, சுருக்கமாக எழுதுகிறவருக்குக் குறைவாகவும் நீட்டி முழக்குகிறவருக்கு அதிகமாகவும் போகும். அவர் நீட்டுவார் என்று நான் சொல்லவில்லை. கையேடு படிப்பவர் அவசரத்தில் படிப்பவர், வரி சுருக்கமாக இருந்தால்தான் நல்லது, அப்படி எழுதுகிறவருக்கு நாம் காசு குறைப்பது முறையாகப் படவில்லை.

மாதிரிப் பக்கம்

சொல் எண்ணிக்கையை வைத்தே விவாதித்துக்கொண்டிருந்தால் எங்கும் போகாது என்று தோன்றியது. வேலைக்கு உண்மையில் எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தால்தான் விலை நியாயமா என்று சொல்ல முடியும். இரண்டு பேருக்கும் அதே இரண்டரைப் பக்கத்தை, 306 சொல், மாதிரியாகக் கொடுத்தோம். ஆளுக்கு ரூ.800 கொடுத்தே செய்யச் சொன்னோம். மாதிரியை இலவசமாகக் கேட்கிற பழக்கம் எனக்குப் பிடிக்காது, அதோடு காசு கொடுத்தால்தான் "எத்தனை மணி நேரம் ஆனது என்று குறித்துக் கொடுங்கள்" என்று உரிமையாகக் கேட்க முடியும்.

எளிய பக்கத்தைக் கொடுக்கவில்லை. கடலில் இருக்கும்போது காற்று மாறினால் என்ன செய்வது என்ற பகுதியைக் கொடுத்தோம். அதில் வாடை, கச்சான் என்று காற்றின் பெயர்கள் வரும், ஆழத்தைப் பாகக் கணக்கில் சொல்லியிருக்கும், எங்கள் ஊர்ப் பெரியவர்கள் பேசின வாக்கியங்கள் அப்படியே இருக்கும். கையேட்டில் மூன்றில் ஒரு பங்கு இந்த மாதிரிதான், மீதி சாதாரண அறிவுரை நடை.

புதுச்சேரி அம்மா 468 ஆங்கிலச் சொல்லில் முடித்திருந்தார். ஒன்றுக்கு 1.53. நேரத்தைத் தனித்தனியாகக் குறித்திருந்தார்: முதல் வரைவு 2 மணி 10 நிமிடம், திருத்தம் 35 நிமிடம், மொத்தம் 2 மணி 45 நிமிடம். அதில் முக்கால் மணி நேரம் காற்றுப் பெயர்களுக்கே போயிருக்கிறது. இரண்டு கேள்விகளை ஓரத்தில் எழுதியிருந்தார், இந்தச் சொல் உங்கள் ஊரில் எந்தப் பக்கத்துக் காற்றைக் குறிக்கும் என்று.

சென்னைக்காரர் ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிட்டார். ஆங்கிலம் அந்த அம்மாவுடையதைவிடச் சரளமாகவே இருந்தது, படிக்க இதமாக இருந்தது. ஆனால் "நாலு பாகம் ஆழத்தில்" என்ற இடத்தில் பாகம் என்பதைப் பகுதி என்று எடுத்துக்கொண்டு எழுதியிருந்தார். கடலில் பாகம் என்பது இரண்டு கையையும் விரித்த நீளத்துக்கு ஒரு அளவு, ஆங்கிலத்திலும் அதற்குத் தனிச் சொல் இருக்கிறது. கேள்வி எதுவும் கேட்கவில்லை. தேவனாம்பட்டினத்துப் பெரியவர் ஒருவரிடம் இதைச் சொன்னேன், "அப்படிப் படிச்சுட்டு நங்கூரம் போட்டா என்ன ஆவும்" என்று கேட்டார். பாதுகாப்புக் கையேட்டில் இந்தத் தவறு சின்னது இல்லை.

மணிக்கணக்காக மாற்றிப் பார்த்தது

306 சொல் என்பது 9,180-இல் சரியாக முப்பதில் ஒரு பங்கு. புதுச்சேரி அம்மாவின் 2.75 மணியை முப்பதால் பெருக்கினால் 82.5 மணி. போகப் போகச் சொற்கள் பழகிவிடும், எளிய அத்தியாயங்களும் உண்டு என்பதால் 75 மணி என்று வைத்தோம். அவரும் அதை ஒப்புக்கொண்டார்.

இப்போது அவருடைய முதல் தொகை ரூ.32,050-ஐ 75-ஆல் வகுத்தால் மணிக்கு ரூ.427. தலைவர் கேட்கச் சொன்ன ரூ.11,475-ஐ வகுத்தால் மணிக்கு ரூ.153.

மணிக்கு 427 ரூபாய் என்றால் மாதச் சம்பளக்காரருக்குப் பெரிதாகத் தெரியும், 8 மணி நேரம், 24 நாள் என்று மனசு உடனே பெருக்கிவிடும். தனியாக வேலை எடுத்துச் செய்பவருக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. "வேலை பார்க்கிற நேரத்துல பாதிக்குத்தான் சார் காசு" என்றார். வேலை தேடுவது, கொட்டேஷன் போடுவது, வராத பணத்தைக் கேட்டு அலைவது, கோப்பைச் சரிசெய்வது, இதற்கெல்லாம் யாரும் தருவதில்லை. மாதம் 192 மணியில் 95 மணிக்குக் காசு வருகிறது என்று வைத்துப் பார்த்தோம். 427 என்றால் மாதம் ரூ.40,500 சுமார், 153 என்றால் ரூ.14,500 சுமார். இதிலிருந்துதான் இணையம், மடிக்கணினி, மின்சாரம், மருத்துவச் செலவு. பி.எஃப். கிடையாது, விடுப்பு எடுத்தால் வரவு இல்லை. எங்கள் அலுவலகத்தில் களப்பணி ஒருங்கிணைப்பவருக்கே ரூ.24,000-மும் பி.எஃப்.பும் கொடுக்கிறோம். பன்னிரண்டு வருட அனுபவம் உள்ளவரை ரூ.153-க்குப் பிடித்து வைத்தால் அது எங்கள் கையேட்டைத்தான் கெடுக்கும், ஏதோ ஓர் இடத்தில் அவர் நேரத்தைக் குறைத்தாக வேண்டும், திருத்தம்தான் முதலில் போகும்.

அவர் தன்னுடைய வழக்கமான வேலையைப் பற்றி ஒன்று சொன்னார், அதுதான் எங்களுக்கு அளவுகோலாக அமைந்தது. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குச் செய்யும்போது மணிக்கு 300 ஆங்கிலச் சொல் முடிப்பார், ரூ.1.25 வீதம் மணிக்கு ரூ.375. இந்த விலையில் அவருக்கு வருடக்கணக்கில் வேலை வருகிறது, கொடுப்பவர்களும் திரும்பத் திரும்பக் கொடுக்கிறார்கள். அந்த ரூ.375-ஐ நம் வேலைக்குக் கொண்டுவர வேண்டுமானால் தமிழ்ச் சொல்லுக்கு எவ்வளவு வரும் என்று திருப்பிக் கணக்குப் போட்டோம். 75 × 375 = ரூ.28,125, அதை 9,180-ஆல் வகுத்தால் சொல்லுக்கு ரூ.3.06.

பார்க்க ரூ.1.25-ஐவிட இரண்டரை மடங்கு மாதிரித் தெரிகிறது. ஆனால் அதே வேலையை ஆங்கிலச் சொல்லில் எண்ணினால் ரூ.2 தான், வேலை முடிய அதிக நேரம் எடுக்கும் கோப்பு என்பதால் மட்டுமே ரூ.1.25-க்கு மேலே நிற்கிறது.

எடுத்த முடிவு

அடுத்த கூட்டத்துக்கு அந்த அம்மாவையே வரச் சொன்னோம், பஸ் ஏறினால் ஒரு மணி நேரம்தானே. பேசி முடித்தது இதுதான்: தமிழ் மூலத்தின் சொல்லுக்கு ரூ.3. எண்ணிக்கை லிப்ரேஆபிஸ் காட்டும் 9,180, அந்தக் கோப்பின் நகல் இரு தரப்பிடமும் இருக்கும். மொத்தம் ரூ.27,540. கொடுத்த பிறகு பதினைந்து நாளுக்குள் நாங்கள் சொல்லும் திருத்தம் ஒரு சுற்று இதிலேயே அடங்கும். நாங்கள் மூலத்தில் புதிதாக ஏதாவது சேர்த்தால் அதற்கும் சொல்லுக்கு ரூ.3.

தலைவருக்கு ரூ.32,050-இலிருந்து குறைந்தது திருப்தி. எனக்குத் திருப்தி தந்தது வேறு, மணிக்கு ரூ.367 என்பது அவர் வழக்கமாக வாங்குவதற்கு ஒட்டி வந்தது. சென்னைக்காரர் 1.53 விகிதத்தில் ரூ.22,500 பக்கம் வந்திருப்பார், அதாவது ஐந்தாயிரம் ரூபாய் மலிவு. அதை மறைக்காமல் குழுவில் வைத்தேன். பாகம் விஷயத்தையும் கேள்வி கேட்காததையும் பார்த்தபின் அந்த ஐந்தாயிரத்துக்காக யாரும் வாதாடவில்லை. இதே கோப்பு ஒரு விழா மலராக இருந்திருந்தால் நான் அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லியிருப்பேன்.

அப்புறம் நடந்தது

வேலை நடுவில் நாங்களே ஒரு அத்தியாயம் சேர்த்தோம், படகு எஞ்சினைத் தண்ணீர் புகாமல் வைப்பது பற்றி, 640 சொல். சொல்லுக்கு ரூ.3 என்று முன்னாலேயே எழுதியிருந்ததால் ரூ.1,920 கூடுதல், பேச்சு எதுவும் தேவைப்படவில்லை. மொத்தம் ரூ.29,460 கொடுத்தோம்.

அவர் நேரக்குறிப்பை முழுவதும் வைத்திருந்து கடைசியில் காட்டினார். புதிய அத்தியாயத்தையும் சேர்த்து 84 மணி. மணிக்கு ரூ.350. எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் குறைவு, ஏனென்றால் காற்று, வலை பற்றிய சொற்களுக்காக ஊர்ப் பெரியவரோடு மூன்று முறை போனில் பேசியிருக்கிறார், அந்த நேரத்தை நாங்கள் இருவருமே கணக்கில் எடுக்கவில்லை. இறுதி ஆங்கிலப் பிரதி 15,110 சொல், 9,820 தமிழ்ச் சொல்லுக்கு விகிதம் 1.54. 306 சொல் மாதிரி சொன்ன 1.53 முழுக் கோப்புக்கும் அப்படியே பொருந்தியது எனக்கு ஆச்சரியம்தான். மூன்றில் ஒரு பங்கு கடினம் என்பதால் சொல்லுக்கு ஆகும் நேரம் மாதிரியில் முழுக் கோப்பைவிட நிறைய அதிகமாக இருக்கும் என்று நினைத்தேன், ஆனால் கொஞ்சம்தான் அதிகமாக இருந்தது.

நிதி கொடுத்தவர்கள் பிரதியைப் படித்துவிட்டு இரண்டு இடத்தில் மட்டும் விளக்கம் கேட்டார்கள், இரண்டும் மூலத்திலேயே நாங்கள் தெளிவில்லாமல் எழுதிய இடங்கள்.

அவர் அந்தச் சொல் எண்ணும் பக்கத்தை விட்டுவிட்டார். இதற்கு முன் தமிழ் மூலத்தில் செய்த இரண்டு வேலைகளுக்கும் அதே பக்கத்தைத்தான் நம்பியிருக்கிறார். அந்த இரண்டு பேருக்கும் அவரே போன் செய்து நடந்ததைச் சொன்னதாக என்னிடம் சொன்னார்.

இனி மாற்றுவது

விலைப்புள்ளி கேட்கும்போதே எங்கள் எண்ணிக்கையையும் கோப்பையும் சேர்த்து அனுப்புகிறோம், எந்த மொழிச் சொல்லுக்கு விலை என்பதை அவர்கள் எழுதித் தர வேண்டும் என்று கேட்கிறோம். முதல் வாரம் முழுவதும் வீணானது இந்த இரண்டையும் செய்யாததால்தான். மாதிரிக்குக் காசு கொடுப்பதையும் நேரம் குறிக்கச் சொல்வதையும் அப்படியே வைத்துக்கொள்கிறோம். கேள்வி கேட்டு விளங்கிக்கொள்ளும் நேரத்துக்கு நூற்றுக்குப் பத்து கூட்டி மதிப்பிட வேண்டும்.

ஒரு இடத்தில் எங்களுக்குத்தான் நஷ்டம். கையேட்டில் ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் கிளம்புமுன் பார்க்க வேண்டியவை என்று ஒரே பட்டியல் வருகிறது, சுமார் 90 சொல், ஆறு இடத்தில். ஒரு முறை மொழிபெயர்த்தால் மீதி ஐந்தும் ஒட்டும் வேலைதான். ஐந்து முறைக்கு 450 சொல், ரூ.1,350. நான் கோப்பை எண்ணினேனே தவிர, அதில் திரும்ப வருவதைக் கவனிக்கவில்லை. பிரதி வந்தபின் கேட்டதற்கு, "முன்னாடியே சொல்லியிருந்தா அதைக் கழிச்சே போட்டிருப்பேன் சார்" என்றார். கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்கவில்லை, ஒப்புக்கொண்டது ஒப்புக்கொண்டதுதான். இப்போது அடுத்த கையேட்டுக்கு, சுத்தமான குடிநீர் பற்றியது, கோப்பை அனுப்புமுன் திரும்ப வரும் பகுதிகளை மஞ்சள் நிறமிட்டு, அவற்றை நீக்கிய எண்ணிக்கையையும் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்: 6,310, நீக்கியபின் 5,870.